சாருக்குத் தெரியாம வழியனுப்பு சாப்பாடு: அந்த மெயிலை எப்படி அடிக்கிறது

ஆபீஸ்ல சேந்து ஆறு மாசம்கூட ஆகல, மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துருச்சு, சீனியர் ஒருத்தர் உங்க சீட்டு பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி "தம்பி, நீங்கதான் கம்ப்யூட்டர்ல கெட்டி, எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடுங்க, வர்ற வாரம் சாருக்கு ஒரு சாப்பாடு போடுறோம், ஆனா அவருக்குத் தெரியக் கூடாது"ன்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு. இந்த இடத்துல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்குத்தான் இது. நான் கும்பகோணத்துல ஒரு கம்பெனி பிராஞ்ச்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி திருவாரூர்ல இருந்தேன், ரெண்டு ஊர்லயும் சேத்து இந்த மாதிரி நாலு மெயில் அடிச்சிருக்கேன், அதுல மொதல் மெயில் படு சொதப்பல்.

அந்தச் சொதப்பலை முதல்ல சொல்லிடறேன், மீதி எல்லாம் அதுலேருந்து கத்துக்கிட்டதுதான். திருவாரூர்ல இருந்தப்ப டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மெயில்ல வந்துச்சு, ஸ்டாஃப் அத்தனை பேர் ஐடியும் அதுலயே இருக்கேன்னு நான் என்ன பண்ணேன், எல்லா பேரையும் மறுபடி டைப் அடிக்கச் சோம்பேறிப்பட்டுக்கிட்டு அதே மெயிலுக்கு Reply All குடுத்து "சாருக்குத் தெரியாமல் ஒரு மதிய விருந்து, மொத்தம் 22 பேர்"னு அடிச்சு அனுப்பிட்டேன். ஆர்டர் யாருக்கு வந்துச்சு? சாருக்கு. அவர் பேர்தான் To-ல மொத பேரு. அனுப்பி ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் பாத்தேன், கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. சார் ஒரு வார்த்தை கேக்கல. சாப்பாட்டு அன்னிக்கு உள்ள வந்து "அடடா, என்ன இதெல்லாம்"னு கண்ணை அகல விரிச்சு நின்னாரு, நானும் தப்பிச்சோம்னு நெனச்சேன், இலை போட்டு ரசம் வர்ற நேரத்துல என் பக்கம் குனிஞ்சு "தம்பி, 22ன்னு போட்டிருந்தீங்க, எண்ணிப் பாத்தேன் 21 தான் வருது, யாரு வரல"ன்னாரு.

அதனால மொதல் விதி, பழைய மெயில் எதுக்கும் பதில் போட்டு ஆரம்பிக்காதீங்க. புதுசா ஒரு மெயில் திறங்க.

ஆனா அதைத் திறக்கறதுக்கு முன்னாடி மெயிலுக்கு வெளிய செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு, அதைச் செய்யாம எழுதுனா மெயில்ல போட விஷயமே இருக்காது.

முதல்ல மூணு பேர் போதும்

எல்லாருக்கும் மெயில் போறதுக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட நேர்ல பேசுங்க. ஒண்ணு, மேனேஜருக்கு அடுத்த இடத்துல இருக்கறவங்க, எங்க பிராஞ்ச்ல துணை மேனேஜர் மேடம். அவங்களுக்குத் தெரியாம இதைப் பண்ணவே முடியாது, ஏன்னா ரிலீவ் ஆகுற தேதி எப்போ, அதுக்குள்ள சார் வெளியூர் போறாரா, மீட்டிங் இருக்கா, மதியம் ஆபீஸை யார் பாத்துக்கறது, எல்லாம் அவங்க கையில. ரெண்டு, பணம் வாங்கி வைக்க ஒருத்தர், இதுக்குப் பேச்சே இல்லாம கேஷியர் அண்ணன்தான். மூணாவது ஆளைத்தான் நெறைய பேர் மறந்துடுவாங்க, அட்டெண்டர் அண்ணன். சார் டிபன் கேரியர் கொண்டு வர்றாரா, எத்தனை மணிக்குச் சாப்பிடுறாரு, சுகர் மாத்திரை போடுறாரா, எந்தக் கெழமை விரதம், இதெல்லாம் அவருக்குத் தெரியும், பக்கத்து சீட்டுல அஞ்சு வருஷமா உக்காந்திருக்கற நமக்குத் தெரியாது.

எங்க சார் விஷயத்துல அட்டெண்டர் அண்ணன் சொன்னது ரெண்டு. சார் வீட்டுச் சாப்பாடு, கரெக்டா ஒண்ணே கால் மணிக்கு கேரியரைத் திறந்துடுவாரு, மாத்திரை இருக்கறதால லேட் பண்ண மாட்டாரு. ரெண்டாவது, செவ்வாய் வெள்ளி அசைவம் தொடமாட்டாரு, அமாவாசை கிருத்திகைல ஒரு வேளைதான். இது தெரியாம வெள்ளிக்கிழமை ஒண்ணே முக்காலுக்கு பிரியாணின்னு போட்டிருந்தோம்னா சார் சாப்பிட்டு முடிச்ச வயித்தோட வந்து வெறும் தயிர்ப்பச்சடிய பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

தேதி எடுக்கறப்ப ரிலீவ் ஆகுற அன்னிக்கு வைக்காதீங்க. அன்னிக்கு சார்ஜ் ஒப்படைக்கணும், சாவி குடுக்கணும், லிஸ்ட்ல கையெழுத்து, புது மேனேஜர் வேற வந்து உக்காந்திருப்பாரு, சாப்பிடவே நேரம் இருக்காது. ரெண்டு வேலை நாள் முன்னாடி வைங்க. எங்க சாருக்கு ரிலீவிங் ஜூன் 16 திங்கள், நாங்க எடுத்தது 12 வியாழன். ஒருவேளை மேலேருந்து வியாழக்கிழமை திடீர்னு மீட்டிங் போட்டாங்கன்னா வெள்ளி கைல இருக்கு. அப்புறம் காலண்டர்ல முகூர்த்தம் பாருங்க, கல்யாணத்துக்கு இல்ல, ஹோட்டலுக்கு. வைகாசி முகூர்த்த நாள்ல கும்பகோணத்துல ஹாலும் கெடைக்காது, மகாமகக் குளத்தைச் சுத்தி வண்டி நிறுத்தவும் முடியாது.

சாப்பாட்டை மறைக்காதீங்க, கூட்டத்தை மறைங்க

புதுசா பண்றவங்க தப்பு பண்றது இங்கதான். சாரை ஹோட்டலுக்குக் கூட்டிட்டு வர ஒரு பெரிய பொய்யா கட்டுவாங்க, கஸ்டமர் மீட்டிங்கு, ஆடிட்டர் வர்றாருன்னு. சொன்னா சார் அதுக்கு ஃபைல் எடுக்கச் சொல்வாரு, ரீஜனல் ஆபீஸுக்கு போன் போட்டு கேப்பாரு, அந்தப் பொய்யக் காப்பாத்த இன்னும் நாலு பொய் வேணும், ரிலீவ் ஆகப்போற மனுஷனுக்கு ஆடிட்னா பாவம் ராத்திரி தூக்கமும் போயிரும்.

நாங்க பண்ணது, மேடம் நேரா சார்கிட்ட போயி "சார், நீங்க போறதுக்குள்ள ஒரு நாள் நானும் கேஷியரும் உங்களை வெளில கூட்டிட்டுப் போயி சாப்பிடணும், வியாழக்கிழமை வாங்க, வீட்ல கேரியர் வேணாம்னு சொல்லிடுங்க, ஒண்ணே காலுக்கே இலைல உக்காந்துடலாம்"னு கேட்டாங்க. அவ்ளோதான். இதுல பொய்யே கெடையாது. சாப்பாடு உண்டு, இடம் உண்டு, நேரம் உண்டு, மூணு பேர்னு நெனச்சு வர்றவர் ஆபீஸ் மொத்தத்தையும் பாப்பாரு, அது ஒண்ணுதான் ரகசியம். கேரியர் பிரச்சனையும் தானா தீந்துருச்சு. நடுவுல யாராவது வாய்தவறி "வியாழக்கிழமை ஹோட்டல்"னு உளறிட்டாகூட சார் அதை மேடம் கூட போற சாப்பாடுன்னே எடுத்துப்பாரு.

இதே கணக்கைத்தான் மெயிலுக்கும் போடணும்.

சப்ஜெக்ட் லைன்

மெயில் உள்ள என்ன இருக்குங்கறதை விட வெளில என்ன தெரியுதுங்கறதுதான் இங்க முக்கியம். மெயில் வந்தா ஸ்க்ரீன் ஓரத்துல ஒரு சின்னப் பொட்டி எட்டிப் பாக்கும்ல, அதுல அனுப்புனவர் பேரு, சப்ஜெக்ட், சில சிஸ்டத்துல மெயிலோட முதல் வரியும் தெரியும். சார் உங்க சீட்டுக்குப் பின்னாடி நின்னு ஏதோ கணக்கு பாத்துக்கிட்டு இருக்கறப்ப அது எட்டிப் பாத்தா முடிஞ்சுது கதை, மீட்டிங்ல யாராவது ஸ்க்ரீனை ஷேர் பண்ணியிருந்தா ரீஜன் முழுக்கத் தெரியும்.

"சர்ப்ரைஸ்", "ரகசியம்", "சாருக்குச் சொல்ல வேண்டாம்", "ஃபேர்வெல்", இந்த வார்த்தை எதுவும் சப்ஜெக்ட்ல வரக் கூடாது. அவசரம்னு காட்டற அந்தச் சிவப்பு ஆச்சரியக்குறியும் வேணாம், அது இருந்தாத்தான் பின்னாடி நிக்கறவர் கண்ணு அங்க போகும். அதுக்காக "ஆடிட் பாயின்ட்ஸ்"னு பொய்யாவும் போடாதீங்க, யாராவது நல்ல மனசோட அதை சாருக்கே ஃபார்வர்ட் பண்ணிடுவாங்க.

சார் பாத்து "என்னம்மா இது"ன்னு கேட்டா ஒரே வரில உண்மையாவே பதில் சொல்ற மாதிரி இருக்கணும். நாங்க போட்டது "12 வியாழன் மதியம் கவுன்ட்டர் ஏற்பாடு". எல்லாரும் சாப்பிடப் போனா கவுன்ட்டர்ல யார் இருக்கறதுங்கற ஏற்பாடு அந்த மெயில்ல நெஜமாவே இருந்துச்சு, எந்த நாள்லயும் அது ஆபீஸ்ல இருக்கற விஷயம்தான், யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பாக்க மாட்டாங்க.

இதுல ஒரு சிக்கல், இவ்ளோ சப்புன்னு சப்ஜெக்ட் இருந்தா நம்ம ஆளுங்களும் திறக்க மாட்டாங்க. அதனால காலைல டீ நேரத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி "கவுன்ட்டர் ஏற்பாடுன்னு ஒரு மெயில் வரும் அக்கா, தனியா இருக்கறப்ப படிச்சுடுங்க"ன்னு காதுல போட்டுடணும்.

யாருக்கு, எந்தக் கட்டத்துல

நாலு மெயில் அடிச்ச அனுபவத்துல சொல்றேன், மாட்றது எல்லாமே இந்த ஒரு வரியிலதான்.

பிராஞ்ச்சுக்குன்னு ஒரு குரூப் ஐடி இருக்கும், அதை அடிச்சா எல்லாருக்கும் போகும். அந்த "எல்லாரும்"ல சாரும் உண்டு. அவுட்லுக்கா இருந்தா குரூப் பேருக்குப் பக்கத்துல ஒரு கூட்டல் குறி இருக்கும், அதை அழுத்துனா உள்ள இருக்கற பேர் எல்லாம் விரிஞ்சு தெரியும், பாத்துக்கலாம். ஆனா என் யோசனை, குரூப்பைத் தொடவே வேணாம், பதினாலு பேர்தானே, ஒவ்வொரு பேரா அடிங்க. அடிக்கறப்ப பாதிப் பேரு அடிச்ச உடனே சிஸ்டமே ஒரு பேரை எடுத்துக் குடுக்கும், நாம தினமும் யாருக்கு அதிகமா மெயில் போடுறோமோ அவர் பேர்தான் மேல வரும், அதாவது மேனேஜர். சாரோட பேரும் லோன் செக்‌ஷன் அண்ணன் பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிச்சா அங்க ரொம்ப ஜாக்கிரதை.

அப்புறம் பிராஞ்ச்சோட பொது ஐடி ஒண்ணு இருக்கும், கஸ்டமர் மெயில் வர்றது. அதை யார் யார் திறக்கறாங்கன்னு கேட்டுக்கங்க. எங்க பிராஞ்ச்ல சார் போன்ல அது இருந்துச்சு. மேனேஜரோட மெயிலை அவருக்குப் பதிலா பாக்கற ஆள் இருந்தா அவங்களுக்கும் நேர்ல சொல்லி வைங்க.

இப்ப பேரை எந்தக் கட்டத்துல போடறது. To-ல உங்க ஐடியையே போடுங்க, மத்த எல்லாரையும் Bcc-ல போடுங்க. Bcc-ல இருக்கறவங்க யாராவது ஆர்வக்கோளாறுல Reply All அழுத்துனாலும் அது To-லயும் Cc-லயும் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் போகும், அதாவது உங்களுக்கு மட்டும். "சூப்பர்", "நான் ரெடி", "பாயசம் உண்டா"ன்னு பதினாலு பேர் மெயில்பாக்ஸ்லயும் நாள் முழுக்க பொட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருக்காது. அந்த ஒவ்வொரு பதிலும் சார் கண்ணுல பட ஒரு வாய்ப்பு, அதைக் கொறச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

Bcc-க்கும் ரெண்டு குறை உண்டு. வேற யாருக்கெல்லாம் இந்த மெயில் போயிருக்குன்னு படிக்கறவங்களுக்குத் தெரியாது, அதனால "இந்த அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா"ன்னு பக்கத்து சீட்ல குசுகுசுன்னு விசாரிக்க ஆரம்பிப்பாங்க, அந்தக் குசுகுசுலதான் பாதி ரகசியம் வெளில போகும். அதனால மெயில் உள்ளயே யாருக்கெல்லாம் தெரியும்னு ஒரு வரி எழுதிடுங்க. இன்னொண்ணு, ஃபார்வர்ட் பண்றதை நம்மால தடுக்க முடியாது, அதை வாயால கேட்டுக்கறதுதான்.

மெயில்

எங்க ஆபீஸ்ல எல்லா மெயிலும் இங்கிலீஷ்லதான் போகும். இதை மட்டும் நான் தமிழ்ல அடிச்சேன், சம்பிரதாயமா "டியர் ஆல்"னு ஆரம்பிச்சா ஏதோ சர்க்குலர்னு யாரும் முழுசா படிக்க மாட்டாங்க. போன வருஷம் போனது இதுதான்:

> சப்ஜெக்ட்: 12 வியாழன் மதியம் கவுன்ட்டர் ஏற்பாடு
>
> வணக்கம்.
>
> ஜூன் 12 வியாழன் மதிய இடைவேளையில் 2.15 வரை கவுன்ட்டரில் இருவர் மட்டும் இருப்பார்கள். மற்றவர்களின் மதிய நேரம் கீழே உள்ளபடி.
>
> அன்று மதியம் நம் சாருக்கு வழியனுப்புச் சாப்பாடு. மேடமும் கேஷியரும் தன்னைச் சாப்பிட அழைத்துப் போவதாக மட்டும் சாருக்குத் தெரியும். நாம் எல்லாரும் வருவது தெரியாது, அப்படியே இருக்கட்டும்.
>
> இடம்: மகாமகக் குளம் பக்கத்து ஹோட்டல், மாடி ஹால். பெயர் நேரில் சொல்கிறேன். வாழையிலைச் சாப்பாடு, சைவம்.
>
> நேரம்: 12.55க்குள் மாடியில் இருக்க வேண்டும். சார் 1.10க்கு வருவார். மூன்று மூன்று பேராகக் கிளம்புங்கள், வண்டியை ஹோட்டல் வாசலில் நிறுத்த வேண்டாம், பின்பக்கம் இடம் இருக்கிறது.
>
> பணம்: ஆளுக்கு 450 ரூபாய், செவ்வாய் மாலைக்குள் கேஷியரிடம். முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும்.
>
> இது தெரிந்தவர்கள்: நம் கிளையில் சாரைத் தவிர எல்லாரும், சாரின் வீட்டம்மா, மாறிப்போன பழைய ஊழியர் இருவர். வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.
>
> வர முடியுமா முடியாதா என்று திங்கள் மாலைக்குள் எனக்கு மட்டும் பதில் போடுங்கள். ஆபீசில் பேச வேண்டும் என்றால் "கவுன்ட்டர் ஏற்பாடு" என்று சொல்லிக்கொள்வோம்.

இதுல சில விஷயம் வேணும்னே பண்ணது. முதல் ரெண்டு வரியும் கவுன்ட்டர் பத்தித்தான், பொட்டில எட்டிப் பாக்கறது அதுதான். ஹோட்டல் பேரு எழுதல, யாராவது மெயிலைத் திறந்து வச்சுட்டு எந்திரிச்சுப் போனாலும் ஒரு அடுக்கு மிச்சம் இருக்கட்டும்னு. தேதியும் கெழமையும் சேத்தே இருக்கு, வெறும் "வர்ற வியாழன்"னு போட்டா இந்த வாரமா அடுத்த வாரமான்னு போன் வரும். 12.55க்கும் 1.10க்கும் நடுவுல கால்மணி நேரம் விட்டிருக்கேன், சுவாமிமலைலேருந்தும் பாபநாசத்துலேருந்தும் ஃபீல்ட் ஸ்டாஃப் வரணும், பஸ்ஸை நம்பி வர்றவங்களுக்கு அந்தக் கால்மணி நேரம் வேணும்.

இன்னொண்ணு, சாரைப் பத்தி கிண்டலா ஒரு வரிகூட அதுல கெடையாது. "அப்பாடா கெளம்புறாரு"ன்னு எழுத கை வரும், எழுதாதீங்க. ஆபீஸ் மெயில் கம்பெனியோடது, அழிச்சாலும் எங்கயோ இருக்கும், நாளைக்கு அவரே ரீஜனல் மேனேஜரா வந்து நிப்பாரு.

"முடியாதவர்கள் தனியாகச் சொன்னால் போதும்"ங்கற வரிக்கு ஒரு காரணம் உண்டு. அட்டெண்டர் அண்ணன்கிட்டயும் கூட்டற அக்காகிட்டயும் நாங்க பணம் வாங்கல, ஆனா அதை மெயில்ல எழுதல, எழுதுனா அது அவங்களுக்கு மரியாதை இல்ல. அவங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ் மெயிலே கெடையாது, நேர்ல போயி அழைச்சேன்.

அனுப்பறதுக்கு முன்னாடி

அனுப்புறப்ப சார் சீட்ல இருக்காரான்னு பாருங்க. அவர் கேபின்ல இருக்கறப்ப அனுப்புனாத்தான் நல்லது, ஃப்ளோர்ல நடந்துக்கிட்டு இருக்கறப்ப எல்லார் ஸ்க்ரீன்லயும் ஒரே நேரத்துல பொட்டி எட்டிப் பாக்கும். எனக்குப் பிடிச்ச நேரம் சாயந்தரம் அவர் கெளம்புன பிறகு.

ஜிமெயில்ல செட்டிங்ஸ் போயி Undo Send-ங்கற இடத்துல 5 செகண்ட்னு இருக்கறதை 30 ஆக்கிடுங்க, 30க்கு மேல போகாது. அனுப்புன உடனே அந்த அரை நிமிஷம் வேற எங்கயும் பாக்காம பேர் வரிசையைத்தான் பாக்கணும். அவுட்லுக்ல அனுப்புன மெயிலைத் திரும்பக் கூப்பிடற வசதி உண்டு, ஆனா அது ஒரே கம்பெனிக்குள்ளதான் நடக்கும், நடக்கும்னு உத்தரவாதமும் இல்ல. அதை நம்பி அனுப்பாதீங்க. அதைவிட மெயில் முழுக்க எழுதி முடிக்கற வரைக்கும் பேரே போடாதீங்க, கடைசியாத்தான் பேரை ஏத்தணும். தெரியாம கை பட்டு அனுப்பற பட்டன் அழுந்துனாலும் போறதுக்கு இடம் இருக்காது.

மெயிலை ப்ரின்ட் எடுக்காதீங்க. எங்க ப்ரின்டர் சார் கேபின் வாசல்லதான் இருக்கு. எல்லார் ஆபீஸ்லயும் அங்கதான் இருக்கும்போல.

மெயில் போன பிறகு எங்கேருந்து கசியும்

பதில் வர வர ஒவ்வொண்ணுலயும் மேல இருக்கற பேர் வரிசையைப் பாருங்க, யாராவது பழக்கதோஷத்துல சாரை Cc-ல சேத்திருப்பாங்க, எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு எந்த மெயில் அடிச்சாலும் கை தன்னால சார் பேரைச் சேத்துடும். அவங்ககிட்ட மட்டும் "நீங்க பதிலே போட வேணாம்கா, நேர்ல சொல்லிடுங்க"ன்னு முன்னாடியே கேட்டுக்கிட்டேன்.

அடுத்தது ஹோட்டல். முன்பணம் குடுக்கறப்ப உங்க செல் நம்பரைக் குடுங்க, ஆபீஸ் லேண்ட்லைன் குடுத்தா முந்தின நாள் இலை எத்தனைன்னு கேக்க போன் வரும், அதை எடுக்கறவர் யாரா இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. நம்ம பக்கம் ஹால் வாசல்ல ஒரு போர்டு வைப்பாங்க, யார் வீட்டு விசேஷம்னு கொட்டை எழுத்துல எழுதி. அதுல எதுவும் எழுத வேணாம்னு ரெண்டு தடவை சொல்லணும், ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டாங்க. சார் படியேறி வர்றதுக்கு முன்னாடியே தன் பேரை வாசல்ல படிச்சுட்டாருன்னா மாடில பன்னெண்டு பேர் மூச்சைப் பிடிச்சு நின்னு பிரயோஜனம் இல்ல.

ஃப்ளெக்ஸ் வேணாம். தயவுசெஞ்சு வேணாம். ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, "ஒரு ஆறுக்கு நாலு போட்டா என்ன தம்பி"ன்னு. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அடிச்ச உடனே டிசைனைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுவாரு, அந்தக் கடைக்காரர் நம்ம கஸ்டமரா இருப்பாரு, சார் போன்ல அவர் நம்பர் இருக்கும்.

சாரோட வீட்டம்மாவுக்கு மேடம் போன் பண்ணி முழுசா சொல்லிட்டாங்க. அது நல்லதாப் போச்சு, அன்னிக்கு நல்ல சட்டையா எடுத்துக் குடுத்தது அவங்கதான், இல்லன்னா போட்டோ எல்லாம் அந்தக் காலர் நைஞ்ச நீலச் சட்டையிலதான் இருந்திருக்கும்.

மெயில் நெஜமாவே சாருக்குப் போயிருச்சுன்னா? "தயவுசெய்து முந்தைய மெயிலைப் படிக்க வேண்டாம்"னு இன்னொரு மெயில் மட்டும் அனுப்பிடாதீங்க, படிக்காம இருந்தவரும் தேடிப் போயி படிப்பாரு. சும்மா இருங்க. மேடம்கிட்ட மட்டும் சொல்லிடுங்க, திட்டத்தை மாத்தாதீங்க. பெரும்பாலான மேனேஜருங்க தெரிஞ்சும் தெரியாத மாதிரி வந்து உக்காருவாங்க, திருவாரூர் சார் மாதிரி. அவருக்குத் தெரிஞ்சிருச்சாங்கறதைக் கண்டுபிடிக்கறதும் சுலபம், வழக்கமா எல்லாத்தையும் நோண்டிக் கேக்கற மனுஷன் அந்த வாரம் எதையும் கேக்க மாட்டாரு, நாலு பேர் கூடிப் பேசறதைப் பாத்தா வேற பக்கம் திரும்பிப் போவாரு.

கணக்கு

இது சின்ன விஷயம்தான், ஆனா கடைசில மனஸ்தாபம் வர்றது இதுலதான். ஸ்டாஃப் பதினாலு பேர், பழைய ஆளுங்க ரெண்டு, சார் ஒண்ணு, மொத்தம் பதினேழு இலை, இலை 220 ரூபாய்னு 3,740. பரிசு தஞ்சாவூர் தட்டு 1,800. முதல்ல நாச்சியார்கோயில் குத்துவிளக்குதான் வாங்கணும்னு பேச்சு, ஆனா கனம், சார் திருநெல்வேலிக்கு மூட்டை முடிச்சோட போறப்ப அதையும் தூக்கணும், தட்டுன்னா பொட்டியோட சூட்கேஸ்ல வச்சுக்கலாம். பொன்னாடையும் மாலையும் 300. ஆக 5,840. பணம் குடுத்தது மொத்தம் பதினாலு பேர், அட்டெண்டர் அண்ணனும் கூட்டற அக்காவும் போக ஸ்டாஃப் பன்னெண்டு பேர், அதோட பழைய ஆளுங்க ரெண்டு பேரும் "நாங்களும் போடுவோம்"னு ஒத்தைக்கால்ல நின்னு போட்டாங்க, 6,300 வந்துச்சு. இலை எண்ணிக்கையை புதன் சாயந்தரம் ஒரு தடவை ஹோட்டலுக்கு உறுதி பண்ணிடுங்க, வியாழன் காலைல ஒருத்தர் வரலைன்னாலும் இலைக் காசு போகத்தான் செய்யும்.

யுபிஐல அனுப்பறவங்ககிட்ட குறிப்பு எழுதற இடத்துல எதுவும் எழுத வேணாம்னு சொல்லுங்க. கேஷியர் அண்ணன் போனை மேஜைமேலதான் வச்சிருப்பாரு, சார் அங்கதான் கையெழுத்து போட வந்து நிப்பாரு.

அன்னிக்கு

காலைல மறுபடி எல்லாருக்கும் மெயில் போடாதீங்க. நினைவூட்டல் வேணும்னா முந்தின நாள் சாயந்தரம் அதே மாதிரி Bcc-ல ஒரே வரி, "நாளை கவுன்ட்டர் ஏற்பாடு முன்பு சொன்னபடியே". முழு விவரத்தையும் திரும்ப அடிச்சா அதைத் திறந்து வச்சுட்டுப் போறவங்க எண்ணிக்கைதான் கூடும்.

கவுன்ட்டர்ல நிக்கற ரெண்டு பேர் யாருன்னு முன்னாடியே தீர்மானம் பண்ணிடுங்க. எங்க பிராஞ்ச்ல ரெண்டு பேர் தாங்களா முன்வந்தாங்க, அவங்களுக்கு ரெண்டாம் பந்தி. சர்ப்ரைஸைப் பாக்க முடியலையேன்னு அவங்களுக்கு வருத்தம் வரக்கூடாதுன்னு பொன்னாடையை ஹோட்டல்ல போடாம வச்சிருந்து, சாயந்தரம் ஆபீஸ்ல அவங்க கையாலயே போட வச்சோம்.

ஒண்ணே காலுக்கு சார் மேடத்தோடயும் கேஷியர் அண்ணனோடயும் படியேறி வந்தாரு, அஞ்சு நிமிஷம் லேட்டு. உள்ள வந்து மூணு இலைக்குப் பதிலா வரிசையா இலையையும் ஆளையும் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. அப்புறம் அவர் வாயிலேருந்து வந்த முதல் வார்த்தை "கவுன்ட்டர்ல யாரு இருக்கா?"

மறுநாள் கடைசி மெயில் ஒண்ணு அடிக்கணும், இதுல சாரையும் சேத்துக்கலாம், போட்டோவும் ரெண்டு வரி நன்றியும். ஆனா வரவு செலவுக் கணக்கு அந்த மெயில்ல வரக்கூடாது, அது தனியா, பணம் போட்டவங்களுக்கு மட்டும், மறுபடியும் Bcc-ல. 6,300ல 5,840 போக மிச்சம் 460, பரிமாறின தம்பிங்களுக்கு 300, கவுன்ட்டர்ல நின்ன ரெண்டு பேருக்கும் சேத்து அசோகா கால் கிலோ. அதுக்கப்புறமும் அறுபதோ என்னவோ மிஞ்சுச்சு, அது இன்னும் கேஷியர் அண்ணன் டிராயர்லதான் கவர்ல கெடக்கு.